அண்ணன் வாங்கிய அட்வான்ஸ்

வீடு வாங்கப் போகிறவர் ஐந்து லட்சத்தைக் கொடுத்து, முத்திரைத்தாளில் எதிராளியின் கையெழுத்தையும் வாங்கிவிட்டால், அன்று சாயங்காலமே சொந்தக்காரர்களுக்குப் போன் போய்விடும்: “இடம் முடிஞ்சிருச்சு.” தரகரும் அப்படித்தான் சொல்வார், கமிஷனில் ஒரு பகுதியை அன்றே வாங்கிக்கொண்டும் போவார். சட்டத்தைக் கேட்டால், இன்னும் எதுவுமே முடியவில்லை என்கிறது.

நிலம், வீடு கைமாறுவதை ஆளும் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882-இல் வந்தது. அதன் 54-ஆம் பிரிவு இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகப் பிரித்து வைக்கிறது. ஒன்று கிரயம்: விலை கொடுத்து, பதிவு செய்த பத்திரத்தின் மூலம் உரிமை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போவது. மற்றது கிரய ஒப்பந்தம்: பேசிய விலைக்கு, பேசிய கெடுவுக்குள் கிரயம் செய்து தருகிறேன் என்ற வாக்குறுதி. அந்த ஒப்பந்தம் தானாகவே சொத்தின் மீது எந்த உரிமையையும் உண்டாக்காது என்று அந்தப் பிரிவே சொல்லிவிடுகிறது. 2011-இல் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே அழுத்திச் சொன்னது: பவர் பத்திரம், ஒப்பந்தம், உயில் மூன்றையும் சேர்த்துக் கட்டி வைத்திருந்தாலும் அது கிரயம் ஆகாது, பதிவான கிரயப் பத்திரம் ஒன்றுதான் உரிமையை மாற்றும்.

பிறகு ஏன் எல்லோரும் ஒப்பந்தத்தில் போய் நிற்கிறார்கள்? பணம்தான் காரணம். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். நாற்பது லட்ச ரூபாய் வீட்டுக்கு இதுவே 3 லட்சத்து 60 ஆயிரம் ஆகிவிடும். வங்கிக் கடன் கிடைக்க வேண்டும், பழைய மனையை விற்க வேண்டும், மூலப் பத்திரங்களைப் பார்க்க வேண்டும். இத்தனைக்கும் அவகாசம் வேண்டித்தான் மூன்று மாதம், ஆறு மாதம், பதினோரு மாதம் என்று கெடு போட்டு அக்ரிமென்ட் எழுதுகிறார்கள். அதில் தவறில்லை. அந்த இடைவெளியில் வாங்குபவர் கையில் இருப்பது இடம் அல்ல, கையெழுத்துப் போட்டவரின் வாக்கு. இதை மறந்துவிட்டால்தான் சிக்கல்.

அந்த வாக்கு யாருடையது என்ற கேள்வி, விற்பவர் ஒரு தனி ஆளாக இருக்கும்போது எழுவதில்லை. விற்பது ஒரு குடும்பமாக இருந்தால் எழும்.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் தன் சொந்தச் சம்பாத்தியத்தில் வீடு கட்டினார். உயில் எழுதாமல் இறந்துவிட்டார். மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் இருக்கிறார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நால்வருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. வீட்டில் மூத்த மகன்தான் எல்லாம் பார்த்துக்கொள்கிறவர். வரி கட்டுவதும் அவர்தான். விலை நாற்பது லட்சம் என்று பேசி, ஐந்து லட்சம் அட்வான்ஸ் வாங்குகிறார். மூன்று லட்சம் வங்கிக் கணக்கில், இரண்டு லட்சம் ரொக்கமாக. ஆறு மாதக் கெடு. ஒப்பந்தத்தில் அவர் மட்டும் கையெழுத்திடுகிறார். “அம்மா, தம்பி, தங்கச்சி எல்லாம் பதிவு அன்னிக்கு வந்துருவாங்க, நான் சொன்னா கேப்பாங்க” என்கிறார். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யவும் இல்லை.

ஐந்தாவது மாதம் போன் வருகிறது. “தப்பா எடுத்துக்காதீங்க தம்பி, தங்கச்சி ஒத்துக்க மாட்டேங்குது. அப்பா கட்டின வீடு, விக்கக் கூடாதுன்னு நிக்குது. பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பித் தந்துடறேன்.” சில சமயம் தங்கை உண்மையிலேயே மறுத்திருப்பார். சில சமயம் அதே தெருவில் இருக்கும் சித்தப்பா ஐந்து லட்சம் கூடுதலாகக் கேட்டிருப்பார்; தங்கையின் பெயர் ஒரு சாக்கு. எதுவாக இருந்தாலும் வாங்குபவரின் கேள்வி ஒன்றுதான்: வீடு கிடைக்குமா, இல்லையென்றால் பணமாவது முழுசாக வருமா?

வீட்டைப் பற்றி முதலில் பார்க்கலாம். தங்கை கையெழுத்திடவில்லை, அண்ணனுக்குப் பதிவு செய்த பவர் பத்திரமும் கொடுக்கவில்லை. அவருடைய கால் பங்கை அண்ணன் விற்க ஒப்புக்கொண்டது அவரைக் கட்டாது. “தங்கச்சி வாய்வார்த்தையா பங்கை விட்டுக்கொடுத்துருச்சு” என்பதற்கும் மதிப்பில்லை. அசையாச் சொத்தில் பங்கை விட்டுக்கொடுப்பதென்றால் பதிவான விடுதலைப் பத்திரம் வேண்டும். அம்மாவின் பங்குக்கும் தம்பியின் பங்குக்கும் இதே கதிதான்.

ஆனால் கையெழுத்துப் போட்ட அண்ணனின் பங்கு? இங்கே உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இரண்டு பக்கமாகப் பேசுகின்றன. 1990-இல் வந்த கர்தார் சிங் வழக்கு ஏறக்குறைய இதே கதை. ஓர் அண்ணன் தனக்கும் தன் தங்கைக்கும் சேர்த்து நிலத்தை விற்பதாக ஒப்பந்தம் போட்டார், தங்கை மறுத்துவிட்டார். அண்ணனுக்கு உரிய பாதியை, பாதி விலைக்கு எழுதித் தர வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. நிலத்தைப் பிறகு பாகம் பிரிக்க வேண்டியிருக்குமே என்ற ஆட்சேபம் எடுபடவில்லை. பெம்மாடா பிரபாகர் வழக்கிலோ, உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தை விற்க இரண்டு மகன்கள் மட்டும் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். தாயும் மற்றப் பிள்ளைகளும் கையெழுத்திடவில்லை. எல்லாப் பங்குதாரர்களும் சேராத அந்த ஒப்பந்தத்தை நிறைவேற்ற உத்தரவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஒப்பந்தத்தின் வாசகம், யார் எந்த உரிமையில் கையெழுத்திட்டார்கள், வாங்குபவர் எதைக் கேட்டு வழக்குப் போட்டார் என்பதைப் பொறுத்துத் தராசு சாய்கிறது.

சரி, நமது உதாரணத்தில் கர்தார் சிங் வழியே கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். கால் பங்கின் விலை பத்து லட்சம். ஐந்து லட்சம் ஏற்கெனவே கொடுத்தாயிற்று. இன்னும் ஐந்து லட்சம் கட்டினால் பிரிக்கப்படாத கால் பங்கு வாங்குபவர் பெயருக்கு வரும். அதாவது சமையலறையோ மாடியோ வராது; எல்லாவற்றிலும் கால் பங்கு. அங்கே போய்க் குடியேறலாமா என்றால் முடியாது. குடும்பம் வாழும் வீட்டில் வெளியார் ஒருவர் பங்கு வாங்கினால், கூட்டாகக் குடியிருக்கும் உரிமை அவருக்கு இல்லை என்று சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு தடுக்கிறது. பாகப்பிரிவினை வழக்குப் போட்டால், அந்தப் பங்கை நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்குத் தாங்களே எடுத்துக்கொள்ளக் குடும்பத்தினர் கேட்கலாம். 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் அந்தச் சலுகையைத் தருகிறது. காலி மனைக்கோ வயலுக்கோ கால் பங்கு ஓரளவு பயன்படும். குடியிருக்கும் வீட்டில் அது பெரும்பாலும் தலைவலிதான். அப்படியானால் பணத்தைத் திரும்ப வாங்குவதே உருப்படியான வழி.

இதற்கு நேர்மாறான ஒரு நிலையும் உண்டு. அதை வாங்குபவர்கள் பலர் கவனிப்பதில்லை. தந்தை உயிரோடு இருக்கும்போது, தன் சுயசம்பாத்திய வீட்டுக்குத் தானே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். கெடு முடிவதற்குள் இறந்துவிட்டார் என்றால், பிள்ளைகள் “நாங்க கையெழுத்துப் போடலையே” என்று விலக முடியாது. அவருடைய சொத்து அவர்களுக்கு வரும்போது அவர் கொடுத்த வாக்கும் சேர்ந்தே வருகிறது. தந்தை போட்ட கையெழுத்து பிள்ளைகளைக் கட்டும். அண்ணன் போட்ட கையெழுத்து தங்கையைக் கட்டாது. இடையில் நிற்பது பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்து. அதை நிர்வகிக்கும் கர்த்தா, குடும்பத்தின் கடனை அடைக்கவோ வேறு அவசியத்துக்கோ விற்க ஒப்புக்கொண்டால் அது மற்றவர்களையும் கட்டும் என்பது பழைய விதி. 2021-இல்கூட உச்ச நீதிமன்றம் ஒரு கர்நாடக வழக்கில் அப்படித்தான் தீர்த்தது. ஆனால் அந்த அவசியம் உண்மையில் இருந்ததா என்பதில்தான் வழக்கின் பாதி ஆயுள் கழியும்.

இனி பணம். பின்வாங்கியது விற்பவர், வாங்குபவர் மீது தவறில்லை. அப்போது அட்வான்ஸ் முழுவதும் திரும்ப வர வேண்டும், இதில் சட்டத்துக்குச் சந்தேகமே இல்லை. அதோடு, பலருக்குத் தெரியாத ஒரு பிடிமானத்தையும் சட்டம் தருகிறது. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவில் வாங்குபவருக்காக எழுதப்பட்ட ஒரு வரி இருக்கிறது: கிரயத்தை எதிர்பார்த்து அவர் கொடுத்த விலைப் பணத்துக்கு, விற்பவருக்கு அந்தச் சொத்தில் உள்ள உரிமை அளவுக்கு, அந்தச் சொத்தே பொறுப்பு. அடமானம் எழுதிக் கொடுக்காமலேயே சொத்தின் மீது பணம் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. வாங்குபவர் தாமே நியாயமில்லாமல் கிரயத்தை மறுத்திருந்தால் மட்டும் இந்தப் பொறுப்பு போய்விடும். வீடியோகான் பிராப்பர்ட்டீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த உரிமையை விரிவாக விளக்கியிருக்கிறது.

இதனால் என்ன லாபம்? வெறும் பணக் கோரிக்கையாக வழக்குப் போட்டால் மூன்றாண்டுக்குள் போட்டாக வேண்டும். சொத்தின் மீதான பொறுப்பை வைத்துக் கேட்டால் காலவரம்பு பன்னிரண்டு ஆண்டு. கடனாளியிடம் கையில் காசில்லாவிட்டாலும் சொத்து இருக்கிறது. ஆனால் நமது உதாரணத்தில் அண்ணனுக்கு உள்ள உரிமை கால் பங்குதான். ஐந்து லட்சத்துக்கு அந்தக் கால் பங்கு மட்டுமே பொறுப்பு, முழு வீடு அல்ல. அதுவும் பத்து லட்சம் மதிப்புள்ளது என்பதால் இங்கே சமாளித்துவிடலாம். முப்பது லட்சம் அட்வான்ஸ் கொடுத்தவர் என்றால் பாடு திண்டாட்டம்.

அடுத்தது அந்த இரண்டு லட்சம் ரொக்கம். வங்கியில் போன மூன்று லட்சத்துக்குக் கணக்கு அறிக்கையே சாட்சி. ரொக்கத்துக்கு ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் மட்டுமே ஆதாரம். அப்படி எழுதியிருந்தாலும், அசையாச் சொத்துக்கான முன்பணத்தை 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2015 ஜூன் முதல் தடை செய்திருக்கிறது. மீறினால், சில விலக்குகள் தவிர, வாங்கியவருக்கு அதே தொகை அளவுக்கு அபராதம் வரலாம். 2025 ஏப்ரலில் பெங்களூரு ஆர்.பி.ஏ.என்.எம்.எஸ். கல்வி நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போனது. 75 லட்சம் ரொக்கமாக அட்வான்ஸ் கொடுத்ததாகச் சொன்னவர்கள், அந்த ஒப்பந்தத்தை வைத்து, இடத்தை அனுபவித்துவந்த கல்வி நிறுவனத்தின் மீதே வழக்குப் போட்டார்கள். ஒப்பந்தம் வைத்திருப்பவருக்கு மூன்றாம் ஆளை எதிர்த்து உரிமை இல்லை என்று சொல்லி மனுவையே தள்ளிய நீதிமன்றம், இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொடுத்ததாக வழக்கில் சொல்லப்பட்டால் உள்ளூர் வருமான வரித் துறைக்குத் தகவல் தர வேண்டும் என்றும் உத்தரவிட்டது. ரொக்கம் கொடுத்தவர் திருப்பிக் கேட்கும்போது, அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கும் தயாராக இருக்க வேண்டும்.

“பின்வாங்கினா ரெட்டிப்பாத் தரணும்னு எழுதியிருக்கே?” என்று வாங்குபவர் கேட்கலாம். அக்ரிமென்ட் எழுதும் பத்திர எழுத்தர்கள் பலர் வழக்கமாகவே சேர்க்கும் வரி அது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு இதைக் கொஞ்சம் தணித்துப் பார்க்கிறது. எழுதிய தொகை ஓர் உச்சவரம்பு. அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அவ்வளவே நீதிமன்றம் தரும். இழப்பு ஏற்பட்டது என்பதற்கு ஏதாவது அடிப்படை வேண்டும் என்று 2015-இல் கைலாஷ் நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வீட்டின் விலை இடைப்பட்ட காலத்தில் எவ்வளவு ஏறியது என்று காட்ட முடிந்தால் அது ஓர் அடிப்படை. ஆகவே பத்து லட்சம் நிச்சயம் வந்துவிடும் என்று எண்ணிக்கொண்டிருக்க முடியாது. அதே நேரத்தில், விற்பவர் பக்கமும் ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது: இரட்டிப்பைக் கொடுத்துவிட்டால் கைகழுவிவிடலாம் என்று. விலகிக்கொள்ளும் உரிமையாகவே அந்த வரி எழுதப்பட்டிருந்தால் ஒழிய, கிரயம் செய்து தரும்படி உத்தரவிட அது தடையல்ல.

உத்தரவு கேட்கும் வழக்குக்கு நீதிமன்றத் தமிழில் ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கு என்று பெயர். 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்துடைப்புச் சட்டம் இதை ஆள்கிறது. முன்பெல்லாம் அந்த உத்தரவு தருவதும் மறுப்பதும் நீதிபதியின் விருப்புரிமையாக இருந்தது. 2018 அக்டோபர் 1 முதல் அமலான திருத்தம் அந்த விருப்புரிமையை எடுத்துவிட்டது. நிபந்தனைகள் பொருந்தினால் தர வேண்டியதுதான். நிபந்தனைகளில் முக்கியமானது, வாங்குபவர் பாக்கியைக் கொடுக்கத் தொடக்கம் முதல் கடைசி வரை தயாராக இருந்தார் என்று நிரூபிப்பது. “நான் ரெடியாத்தான் இருந்தேன்” என்று கூண்டில் ஏறிச் சொன்னால் போதாது. கெடுவுக்குள் வங்கிக் கணக்கில் முப்பத்தைந்து லட்சம் இருந்ததா, அல்லது கடன் அனுமதிக் கடிதம் இருந்ததா, கெடு முடிவதற்குள் எழுத்தில் கேட்டாரா என்று பார்ப்பார்கள். 2011-இல் தமிழ்நாட்டிலிருந்து போன சாரதாமணி கந்தப்பன் வழக்கில், நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போகும் காலத்தில் சிறு தொகையை மட்டும் கொடுத்துவிட்டுப் பேசிய தேதிகளைப் பொருட்படுத்தாமல் இருப்பவர்களிடம் நீதிமன்றங்கள் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் எச்சரித்தது. பின்வாங்கியது அண்ணன்தான் என்றாலும், வாங்குபவரிடம் பணம் இல்லை என்று தெரிந்தால் தராசு அண்ணன் பக்கம் சாயும்.

தவறு வாங்குபவர் பக்கம் என்று முடிவானால் அட்வான்ஸும் போகலாம். 2012-இல் தீர்ந்த சதீஷ் பத்ரா வழக்கில் விலை 70 லட்சம், உறுதிப்பணம் 7 லட்சம். வாங்குபவர் தவறியதால் அந்த ஏழு லட்சத்தையும் விற்பவரே வைத்துக்கொள்ளலாம் என்றது நீதிமன்றம். ஆனால் 1963-இல் வந்த ஃபதே சந்த் தீர்ப்பு இன்னும் நிற்கிறது. அதில் ஆயிரம் ரூபாய் உறுதிப்பணம், 24,000 ரூபாய் விலையில் ஒரு பகுதி என்று தனித்தனியாகக் கொடுக்கப்பட்டிருந்தது. விற்பவர் பறிக்கக்கூடியது ஆயிரத்தை மட்டுமே என்றது உச்ச நீதிமன்றம். கொடுக்கும் தொகை முழுவதையும் உறுதிப்பணம் என்று எழுதாமல், ஒரு சிறு பகுதியை மட்டும் அப்படிக் குறித்து மீதியை விலையின் பகுதி என்று எழுதச் சொல்வது வாங்குபவருக்கு நல்லது.

வழக்கு மனுவில் ஒரு வரி விடுபட்டதால் இருபது லட்சத்தை இழந்தவரின் கதை 2025-இல் வந்தது. கே.ஆர். சுரேஷ் வழக்கு. பெங்களூரு சொத்துக்கு 55 லட்சத்து 50 ஆயிரம் விலை பேசி, 20 லட்சம் கொடுத்திருந்தார் வாங்குபவர். கிரயம் செய்து தரும்படி கேட்டார், கிடைக்கவில்லை. அப்படியானால் அட்வான்ஸையாவது கொடுங்கள் என்றார். மனுவில் அதைக் கேட்கவில்லையே என்றது நீதிமன்றம். மேற்சொன்ன சட்டத்தின் 22-ஆம் பிரிவு, மாற்றுப் பரிகாரமாக முன்பணத்தைத் திருப்பித் தரும்படி மனுவிலேயே கேட்டாக வேண்டும் என்கிறது; விடுபட்டிருந்தால் வழக்கின் எந்தக் கட்டத்திலும் மனுவைத் திருத்தவும் இடம் தருகிறது. அவர் திருத்தவும் இல்லை. அந்த முன்பணத்தை விற்பவர் பறித்துக்கொண்டதும் சரி என்று தீர்ப்பானது.

அப்படிக் கேட்பதற்குக் கூடுதல் செலவும் இல்லை. தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் 2017 முதல் 3 சதவீதம். நாற்பது லட்ச ரூபாய் ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கேட்டால் 1 லட்சத்து 20 ஆயிரம். அதற்கு மாற்றாக ஐந்து லட்சத்தையும் கேட்டால், இரண்டில் எது அதிகமோ அந்தக் கட்டணம் மட்டும்தான். அட்வான்ஸை மட்டும் கேட்டு வழக்குப் போட்டால் பதினைந்தாயிரம். நமது உதாரணம் போன்ற, மூன்று பங்குதாரர்கள் கையெழுத்திடாத வீட்டில், வீட்டுக்காக 1 லட்சத்து 20 ஆயிரம் கட்டுவதா என்று யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும். இழப்பீடு கேட்பதானாலும் அதை மனுவிலேயே எழுதியிருக்க வேண்டும். தங்கையைச் சம்மதிக்க வைக்கும் பொறுப்பை அண்ணன் ஒப்பந்தத்தில் எழுத்துப்பூர்வமாக ஏற்றிருந்தால், அதை நிறைவேற்றாததற்கு அவரிடம் நஷ்டஈடு கேட்க வலுவான இடம் கிடைக்கும்.

பதிவாகாத ஒப்பந்தம் செல்லுமா என்பது தமிழ்நாட்டுக்கே உரிய கேள்வி. 2012 டிசம்பர் 1 முதல் அமலான மாநிலத் திருத்தத்தின்படி இங்கே கிரய ஒப்பந்தங்களைப் பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்யாமல் விட்டால் அது குப்பையா? 2013 செப்டம்பரில் எழுதிய, பதிவாகாத ஒரு ஒப்பந்தத்தை வைத்துத் தமிழ்நாட்டில் நடந்த ஹேமலதா வழக்கு 2023-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. பதிவுச் சட்டத்தின் 49-ஆம் பிரிவில் உள்ள விதிவிலக்கு அப்படியே இருப்பதால், ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கில் அந்த ஒப்பந்தத்தைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று தீர்ப்பு வந்தது. வாங்குபவர் அந்த ஆறுதலோடு நின்றுவிடக் கூடாது. பதிவான ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் தெரியும். பிறகு வாங்குகிற யாரும் “எனக்குத் தெரியாது” என்று சொல்ல முடியாது. பதிவாகாததைச் சித்தப்பாவுக்குக் கிரயம் செய்துவிட்டால், தனக்கு விஷயம் தெரியாது என்று சித்தப்பாதான் முதலில் நிரூபிக்க வேண்டும். ஒரே தெருவில், ஒரே குடும்பத்தில் இருக்கும் ஆளுக்குத் தெரியாது என்றால் எந்த நீதிபதியும் எளிதில் நம்ப மாட்டார் என்பது ஒரு சௌகரியம். வெளியூர்க்காரர் வாங்கினால் அந்தச் சௌகரியம் இல்லை.

போலீஸ் நிலையத்துக்குப் போகலாமே என்று யாராவது ஒருவர் யோசனை சொல்லாமல் இருக்க மாட்டார். ஒப்பந்தத்தை மீறுவது மட்டுமே மோசடி ஆகிவிடாது. தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததாகக் காட்ட வேண்டும். ஏற்கெனவே விற்றுவிட்ட வீட்டுக்கு அட்வான்ஸ் வாங்கினார், தங்கையின் கையெழுத்தைப் போலியாகப் போட்டார் என்றால் அது வேறு கதை. மற்றபடி புகார் கொடுத்து, அங்கே நடக்கும் சமரசத்தில் தவணைக்கு ஒப்புக்கொண்டு, இரண்டு தவணைக்குப் பிறகு பணம் நின்றுபோனவர்கள்தான் அதிகம்.

நமது உதாரணத்து வாங்குபவர் செய்ய வேண்டியது இதுதான். போன் வந்த அன்றே கெடு இன்னும் எத்தனை நாள் என்று பார்க்க வேண்டும். கெடுவுக்குள், பாக்கி முப்பத்தைந்து லட்சம் தயார், இந்தத் தேதியில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வாருங்கள் என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். வாரிசுகள் நால்வருக்கும் தனித்தனியாக, ஒப்புகை அட்டையோடு. தங்கையின் பதிலும் எழுத்தில் வந்தால், அவர் உண்மையில் மறுத்தாரா அல்லது அவர் பெயர் சாக்காகச் சொல்லப்பட்டதா என்பது அதிலேயே தெரிந்துவிடும். வங்கிக் கணக்கு அறிக்கையை அந்தத் தேதியோடு எடுத்து வைக்க வேண்டும். அண்ணன் தவணையாகத் திருப்பித் தருவதாகச் சொன்னால், மொத்தம் எவ்வளவு பாக்கி என்பதைக் கையெழுத்தோடு எழுதி வாங்கிக்கொண்டு, வங்கி வழியாக மட்டுமே பெற வேண்டும். அசல் ஒப்பந்தத்தைக் கடைசித் தவணை வரும்வரை யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. முழுப் பணம் வந்த பிறகு இரு தரப்பும் கையெழுத்திட்டு ரத்து எழுதிக்கொள்ளலாம்.

இன்னும் அட்வான்ஸ் கொடுக்காதவர்களுக்கு இந்தத் தொல்லையே வேண்டாம். வாரிசுச் சான்றிதழில் உள்ள பெயர்களை ஒப்பந்தத்தின் கையெழுத்துகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பெயர் குறைந்தாலும் பணத்தை எண்ணாதீர்கள். கல்யாணமாகி வெளியூர் போன மகள்களின் பெயரை விட்டுவிட்டு எழுதுவது இன்றும் சாதாரணமாக நடக்கிறது. பிறப்பால் வரும் பூர்வீகப் பங்கிலும் மகளுக்கு மகனைப் போலவே உரிமை உண்டு என்று 2020-இல் வினீதா சர்மா தீர்ப்பு வந்த பிறகு அந்தப் பழக்கத்துக்குச் சாக்கே இல்லை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை வர முடியாவிட்டால் முறையான பவர் பத்திரம் வரட்டும். அதுவரை டோக்கன் அட்வான்ஸ்கூடக் காத்திருக்கலாம்.

ஏற்கெனவே கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள் ஒரு தேதியைக் குறித்துக்கொள்ள வேண்டும். கிரயம் கேட்டு வழக்குப் போட, ஒப்பந்தத்தில் எழுதிய கெடு முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. கெடு குறிக்கவில்லை என்றால், கிரயம் செய்து தர மாட்டேன் என்று மறுத்தது தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. தங்கச்சி மனசு மாறும், சித்திரை கழியட்டும், வீட்டில் கல்யாணம் முடியட்டும் என்று அண்ணன் பேசிக்கொண்டே இருப்பதால் அந்த மூன்று ஆண்டு ஒரு நாள்கூட நீளாது.